குறூப் படத்தில் இருந்து ஒருவரைத் தனியே எடுக்க: பெயின்டில் வெட்டுவதும் அழிப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அண்ணா, கனபேர் நிக்கிற படத்தில இருந்து ஒராளை மட்டும் எடுக்க வேணும். போட்டோஷொப் இல்லை. கொம்பியூட்டரோட வாற பெயின்டால சரிவருமோ?

சரிவரும். வன்னியில் இந்தத் தேவை மற்ற இடங்களை விட அதிகம். 2009இல் ஊர் ஊராக இடம்பெயர்ந்தபோது அல்பங்கள் போய்விட்டன. ஒருவருடைய படம் என்று இப்போது கையில் இருப்பது பெரும்பாலும் யாரோ உறவினர் வீட்டில் தப்பிய கலியாணப் படமோ கோயில் திருவிழாப் படமோதான். திவசத்துக்குப் பிறேம் போட, நினைவு அட்டை அடிக்க, வீட்டில் மாட்டி வைக்க அதிலிருந்துதான் அந்த ஒருவரை எடுக்கவேண்டும். அதனால் இந்தப் பக்கத்தை அந்த ஒரு வேலைக்காகவே எழுதுகிறேன். உதாரணமாக ஒரு படத்தை வைத்துக்கொள்வோம்: வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போன நாலு பேர், கோயில் வீதியில் வரிசையாக நிற்கிறார்கள். இரண்டாவதாகக் கட்டம்போட்ட சட்டையோடு நிற்கும் தமையனை மட்டும் தனியே எடுக்கவேண்டும். பக்கத்தில் நிற்பவர் அவருடைய தோளில் கை போட்டிருக்கிறார்.

தொடங்கமுன் ஒரு விஷயம் விளங்கியிருக்கவேண்டும். பெயின்டில் படம் ஒரே ஒரு தாள். அதற்குக் கீழே வேறு தாள் இல்லை. நீங்கள் அழிக்கும்போது எதுவும் இல்லாமற்போவதில்லை, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல அந்த இடத்தில் ஒரு நிறம் பூசப்படுகிறது. அந்த நிறம் மேலே Color 2 என்று இருக்கும் பெட்டியில் உள்ள நிறம். வெட்டினாலும், Delete அடித்தாலும், றப்பரால் தேய்த்தாலும் அதே நிறம்தான் வரும். கீழே வரும் பாதிப் பிரச்சினைகளுக்குக் காரணம் இதுதான்.

நான் சொல்வது Windows 7, Windows 10 ஆகியவற்றில் உள்ள பெயின்டுக்கு. கடைசிக் கேள்வியில் Windows 11 பற்றிச் சொல்கிறேன்.

படம் கனடாவில இருக்கிற சித்தி வட்ஸ்அப்பில அனுப்பினவ. போனில வடிவா இருக்கு, பெரிசாக்கினா முகம் மங்குது. ஏன்?

வட்ஸ்அப் படத்தைச் சாதாரணமாக அனுப்பும்போது அதைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. குறூப் படத்தில் ஒரு முகம் ஏற்கெனவே சின்னது, சுருங்கினால் அதில் மிஞ்சும் விபரம் இன்னும் குறைவு. சித்தியிடம் அதே படத்தை Document ஆக அனுப்பச் சொல்லுங்கள். அப்போது பைல் அப்படியே வரும். அதோடு, அவ போனால் படம் எடுத்து அனுப்பினவவா, ஸ்கான் பண்ணினவவா என்றும் கேளுங்கள். போனால் என்றால், பகல் வெளிச்சத்தில் நிழலான இடத்தில் மேசையில் வைத்து, பிளாஷ் இல்லாமல், நேர் மேலே இருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

படம் உங்கள் கையிலேயே இருந்தால் ஸ்கான் செய்வதுதான் நல்லது. கடையில் கேட்காவிட்டால் 200இலோ 300இலோ அடித்துத் தருவார்கள். 600 dpi இல், அதாவது ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி வரும்படி கேளுங்கள். கணக்குச் சின்னது: குறூப் படத்தில் தமையனுடைய முகம் 1 சென்ரிமீற்றர் உயரம் என்று வைப்போம். 300இல் ஸ்கான் செய்தால் அந்த முகத்துக்கு 118 புள்ளிகள்தான் கிடைக்கும். 600இல் 236. பிறேமுக்கு முகத்தை 3 சென்ரிமீற்றராக அச்சடித்தால் 236 புள்ளிகள் போதும், பார்க்கக்கூடியதாக இருக்கும். 118 என்றால் முகம் கரைந்துவிடும். பிறகு பெயின்டில் Resize கொடுத்துப் பெரிதாக்கினாலும் புது விபரம் எதுவும் வராது, இருக்கிற புள்ளிகள்தான் பெருக்கும்.

பழைய படம் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் உரிக்காதீர்கள். முகத்தின் தோல் கண்ணாடியிலேயே தங்கிவிடும். பிரிண்டரோடு சேர்ந்து வரும் மலிவான ஸ்கானர்களில் பல, தட்டில் முட்டாத எதையும் மங்கலாகத்தான் எடுக்கும். ஆகவே கண்ணாடியோடு இருக்கும் படத்தைப் போனால் எடுப்பதே மேல். கண்ணாடியில் உங்கள் முகமும் யன்னலும் தெரியாதபடி, கறுப்புத் துணி ஒன்றை எதிர்ப்பக்கம் பிடிக்க ஒராளை வைத்துக்கொண்டு எடுங்கள்.

பெயின்டைத் திறந்தாச்சு. முதல் என்ன செய்யிறது?

படத்தை முதலில் கொப்பி எடுங்கள். வந்த பைலை ஒரு போல்டரில் தொடாமல் வைத்துவிட்டு, கொப்பியைப் பெயின்டில் திறங்கள். மெனுவில் பெயின்ட் அகப்படாவிட்டால் Windows விசையையும் R ஐயும் சேர்த்து அழுத்தி `mspaint` என்று அடித்தால் திறக்கும்.

திறந்தவுடன் F12 அடித்து, Save as type என்ற இடத்தில் PNG தெரிவுசெய்து புதுப் பெயரில் சேமியுங்கள். ஒரு வேலையும் செய்யமுன்னரே இதைச் செய்துவிடுங்கள். JPEG பைல் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கிறது. நிறம் சட்டென்று மாறும் இடத்தில்தான், அதாவது நீங்கள் வெட்டிய ஓரத்தில்தான், அது கூடுதலாகக் கெடுக்கும். PNG அப்படிக் கெடுக்காது.

அடுத்தது, தேவையில்லாத பெரும் பகுதியை வெட்டிக் கழிப்பது. Select என்பதில் Rectangular selection எடுத்து, தமையனைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டு ஒரு பெட்டி போடுங்கள். பக்கத்து ஆட்களின் பாதி முகமோ கையோ பெட்டிக்குள் வந்தால் பரவாயில்லை. பிறகு Crop. நாலு பேரும் வீதியும் கோபுரமும் போய், ஒராளும் இரண்டு பக்கத் துண்டுகளும் மட்டும் மிஞ்சும். பழைய கொம்பியூட்டருக்கும் இது நல்லது. அஞ்சலட்டை அளவுப் படம் 600இல் 3600 × 2400 புள்ளிகள் வரும். அவ்வளவையும் திறந்து வைத்துக்கொண்டு அழித்தால் மெசின் இழுத்து இழுத்துத்தான் வேலை செய்யும்.

இப்போது Color 2 பெட்டியில் கிளிக் செய்து பின்னணி நிறத்தைத் தெரிவுசெய்யுங்கள். எல்லாரும் வெள்ளையில் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது விருப்பமில்லை. கறுத்த தலைமயிருக்கும் வெள்ளைப் பின்னணிக்கும் இடையில் வெட்டின கோடு பளிச்சென்று தெரியும். ஆள் வேட்டியோ வெள்ளைச் சட்டையோ போட்டிருந்தால் சட்டை எங்கே முடிகிறது என்றே தெரியாமற் போகும். Edit colors இல் Red 214, Green 224, Blue 234 என்று கொடுத்துப் பாருங்கள். மெல்லிய சாம்பல் நீலம், ஸ்டூடியோத் திரை போல வரும். எந்த நிறம் என்பதை இந்த இடத்திலேயே முடிவெடுத்துவிட்டால் பிறகு பின்னணி மாற்றும் வேலை மிச்சம்.

Free-form ஆல ஆளைச் சுத்தி வடிவா வரைஞ்சன். மவுசை விட்ட உடனே சதுரப் பெட்டியா மாறிட்டுது. பிழைச்சுப்போச்சோ?

பிழைக்கவில்லை. நீங்கள் வரைந்த வளைவு பெயின்டுக்கு ஞாபகம் இருக்கிறது. நீங்கள் காண்பது அந்த வளைவை அடக்கும் பெட்டி மட்டும். பயப்படாமல் தொடரலாம்.

மவுசை அழுத்திய கை எடுபடாமல் ஒரே இழுப்பில் சுற்றி வரவேண்டும் என்பதுதான் இதில் உள்ள கஷ்டம். நடுவில் விரலை எடுத்தால், விட்ட இடத்தையும் தொடங்கிய இடத்தையும் ஒரு நேர்கோட்டால் இணைத்துவிடும். அந்தக் கோடு கழுத்துக்குக் குறுக்கே போனாலும் போகும். அதனால் இந்தச் சுற்றில் ஓரத்தை ஒட்டி வெட்ட முயலாதீர்கள். ஆள் முழுதாகத் திரையில் தெரியும் அளவுக்கு வைத்து, காதுக்கும் தோளுக்கும் வெளியே ஒரு விரல் அகலம் விட்டுச் சுற்றுங்கள். மடிக்கணினியின் தொடுபலகையால் இதைச் செய்வது வீண் முயற்சி. நூலகத்திலோ நண்பரிடமோ ஒரு மவுஸ் இரவல் வாங்குங்கள்.

சுற்றி முடித்ததும் Select இன் கீழுள்ள சின்ன அம்புக்குறியை அமத்தி Invert selection கொடுங்கள். இப்போது ஆளைத் தவிர மற்ற எல்லாம் தெரிவாகியிருக்கும். Delete அடியுங்கள். வெளியில் உள்ளது முழுக்க நீங்கள் வைத்த சாம்பல் நீலமாகிவிடும். பக்கத்து ஆட்கள் போய்விட்டார்கள். ஆளைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குப் பழைய வீதி மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் அடுத்த வேலை.

Delete அடித்ததும் ஆளே மறைந்து வெளி மிஞ்சினால் Invert கொடுக்கவில்லை என்று அர்த்தம். Ctrl+Z அடித்துத் திரும்பி வாருங்கள்.

றப்பரால ஓரத்தை அழிக்கப் போனா காதும் சேர்ந்து போகுது. றப்பர் பெரிசாக் கிடக்கு.

இங்கே அவசரப்படக்கூடாது. முகத்துக்கு உயிர் கொடுப்பதும் கெடுப்பதும் இந்த ஓரந்தான்.

முதலில் Ctrl ஐ அமத்திக்கொண்டு மவுஸ் சில்லை உருட்டி 400% வரை பெரிதாக்குங்கள். ஒரு காது கிட்டத்தட்ட அரைத் திரைக்கு வரும், ஓரம் சதுரம் சதுரமாகத் தெரியும். Eraser ஐ எடுத்து Size இல் ஆகச் சின்னதை வையுங்கள், அது 4 புள்ளி. அதைவிடச் சிறிதாக்க Ctrl ஐ அமத்தி, விசைப்பலகையின் வலப்பக்க எண்பகுதியில் உள்ள கழித்தல் விசையை அடிக்கலாம். எண்பகுதி இல்லாத மடிக்கணினி என்றால் Pencil ஐ எடுத்து, மவுசின் வலது பொத்தானை அமத்தி இழுங்கள். அது Color 2 ஆல் ஒரு புள்ளி அகலத்துக்குப் பூசும். அழிப்பதும் அதுவும் ஒன்றுதான்.

தோளும் கையும் நீளமான வழுவழுப்பான ஓரங்கள். அங்கே றப்பரால் போனால் கை நடுங்கின மாதிரி மேடுபள்ளம் வரும். அதற்கு வடிவங்களில் உள்ள Curve நல்லது. Color 1 க்கும் அதே சாம்பல் நீலத்தையே வைத்து, Size இல் 3 புள்ளிக் கோடு எடுங்கள். கழுத்து தொடங்கும் இடத்திலிருந்து தோள் முடியும் இடத்துக்கு ஒரு கோடு இழுங்கள். பிறகு கோட்டின் நடுவைப் பிடித்து இழுத்தால் அது வளையும். இரண்டு முறை வளைக்க இடம் தரும். தோளின் வெளி ஓரத்தோடு கோடு படியும்வரை வளையுங்கள். கோடு படிந்துவிட்டால் அதற்கு வெளியே மிஞ்சியிருப்பதைப் பெரிய றப்பரால் பயமில்லாமல் அழிக்கலாம்.

தலைமயிரை அப்படிச் செய்யவேண்டாம். மயிர் எங்கே முடிகிறது என்று எந்தப் படத்திலும் ஒரு கோடு இல்லை. கறுப்பு மெல்ல மெல்ல மங்கிப் பின்னணியோடு கலக்கும். ஒட்ட வெட்டினால் தொப்பி போட்டதுபோல இருக்கும். அந்த மங்கலான இரண்டு மூன்று புள்ளிகளை விட்டுவிட்டு, அதற்கு வெளியே அழியுங்கள். றப்பரை இழுக்காமல் ஒவ்வொரு கிளிக்காகத் தொட்டுத் தொட்டுப் போங்கள், ஓரம் கொஞ்சம் ஒழுங்கில்லாமல் வருவது மயிருக்கு நல்லது. பழைய பின்னணி வெளிர் வானமாக இருந்தால் இது இலகு. பின்னால் பனங்கூடலோ இருட்டான கதவோ இருந்தால், விடும் புள்ளிகளும் இருட்டாகவே இருக்கும். அப்போது பின்னணி நிறத்தையே கொஞ்சம் இருட்டாக எடுப்பதுதான் வழி.

அடிக்கடி Ctrl+PageDown அடித்துச் சின்னதாக்கி முழு ஆளையும் பாருங்கள். 400% இல் பயங்கரமாகத் தெரியும் சதுரம் அச்சில் தெரியவே தெரியாது. பிழைத்தால் Ctrl+Z, Windows 7 இலிருந்து 50 படி வரை பின்னால் போகலாம். ஒவ்வொரு கிளிக்கும் ஒரு படி என்பதால் அதுவும் கெதியில் முடிந்துவிடும். ஒரு காது முடிந்தால் F12 அடித்து `annai-1.png`, தோள் முடிந்தால் `annai-2.png` என்று வேறு வேறாகச் சேமித்துக்கொண்டு போங்கள். கரண்ட் போனால் பெயின்ட் எதையும் தானாகக் காப்பாற்றி வைக்காது.

பக்கத்தில நிண்டவர் தோளில கை போட்டிருக்கிறார். அந்தக் கையை அழிச்சா சட்டையில ஓட்டை விழுது. என்ன செய்யிறது?

கைக்குப் பின்னால் இருந்த சட்டை படத்தில் இல்லை. ஆகவே அழித்துப் பயனில்லை, வேறு இடத்துச் சட்டைத் துணியை வெட்டி அங்கே ஒட்டவேண்டும்.

முதலில் Select இன் கீழுள்ள Transparent selection க்குச் சரி அடையாளம் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். பிறகு எங்கிருந்து துணி எடுப்பது என்று பாருங்கள். நெஞ்சுப் பக்கம் துணி கனக்க இருக்கும், ஆனால் வெயில் மேலிருந்து விழுவதால் நெஞ்சை விடத் தோள் வெளிச்சம். நெஞ்சுத் துணியைத் தோளில் ஒட்டினால் கறை பிடித்ததுபோல இருக்கும். எங்கள் உதாரணப் படத்தில் மற்றத் தோள் வெறுமையாக இருக்கிறது. அதை எடுப்போம். கழுத்துப் பட்டி முடியும் இடத்திலிருந்து கைமூட்டுவரை Rectangular selection போட்டு Ctrl+C, பிறகு Ctrl+V. ஒட்டிய துண்டு திரையின் இடது மேல் மூலையில் வந்து நிற்கும். அது தெரிவில் இருக்கும்போதே Rotate இல் Flip horizontal கொடுங்கள். வலத்தோள் இடத்தோளாகிவிடும். இழுத்துக்கொண்டுபோய்க் கையின் மேல் வையுங்கள். கிட்ட வந்ததும் மவுசை விட்டுவிட்டு அம்புக்குறி விசைகளால் ஒவ்வொரு புள்ளியாக நகர்த்துங்கள்.

கட்டம்போட்ட சட்டையில் கண் முதலில் பிடிப்பது கோடுகளை. துண்டின் குறுக்குக் கோடு சட்டையின் குறுக்குக் கோட்டோடு நேராகச் சந்திக்கும்வரை நகர்த்துங்கள். குறுக்கும் நெடுக்கும் இரண்டும் ஒன்றாகப் பொருந்தாவிட்டால் குறுக்குக் கோட்டைப் பொருத்துங்கள். நெடுக்குக் கோடு தோளில் எப்படியும் மடிந்து வளைந்துதான் இருக்கும், பிசகு தெரியாது. பொருந்தியதும் வெளியே ஒரு கிளிக். அந்தக் கிளிக்கோடு துண்டு தாளில் படிந்துவிடும், பிறகு அதைத் தனியே பிடித்து நகர்த்த முடியாது. Ctrl+Z தான் வழி.

படிந்தபின் துண்டின் நேரான ஓரம் ஒரு கோடாகத் தெரியும். பெயின்டில் அதை மங்கவைக்கும் கருவி இல்லை. Free-form ஆல் கோணல்மாணலான சின்னத் துண்டுகளைப் பக்கத்துச் சட்டையிலிருந்து எடுத்து அந்தக் கோட்டின்மேல் அங்கங்கே ஒட்டுங்கள். நேர்கோடு உடைந்தால் கண் அதைத் தேடாது. ஒரு பெரிய துண்டை விட நாலைந்து சின்னத் துண்டுகள் எப்போதும் நன்றாகப் பொருந்தும். கடைசியாக மிஞ்சும் ஒன்றிரண்டு புள்ளிகளுக்கு, Color picker ஆல் பக்கத்து நிறத்தைத் தொட்டு Pencil ஆல் நிரப்புங்கள்.

பையையோ பொத்தானையோ திருப்பிவிடாமல் கவனியுங்கள். ஆண்கள் சட்டையின் பை சாதாரணமாக இடப்பக்கம். திருப்பிய துண்டில் பை வலப்பக்கம் வந்தால் வேறு யாரும் கவனிக்காவிட்டாலும் வீட்டில் உள்ளவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கை முகத்தையோ கழுத்தையோ மறைத்திருந்தால் இந்த வழி சரிவராது. முகத்தில் இல்லாத பகுதியை உண்டாக்கக்கூடாது என்பது என் நிலைப்பாடு. அப்படி உண்டாக்கியது அவருடைய முகமாக இருக்காது. அந்தக் கையோடேயே படத்தை வையுங்கள்.

வெட்டின ஆளைக் கோபுரப் படம் ஒண்டில ஒட்டினன். சுத்திவர வெள்ளைப் புள்ளி, வேட்டியில பின்னால உள்ள கோபுரம் தெரியுது.

இரண்டுக்கும் காரணம் ஒன்றே. Transparent selection போட்டு ஒட்டும்போது பெயின்ட் Color 2 இல் உள்ள நிறத்தை மட்டும் இல்லாததாக எடுத்துக்கொள்கிறது. அந்த நிறத்தோடு அச்சொட்டாக ஒத்துப்போகவேண்டும். ஒரு இழை வித்தியாசம் என்றாலும் அதை விடாது. வெள்ளையில் வெட்டி JPEG ஆகச் சேமித்திருந்தால், ஓரத்தில் உள்ள வெள்ளை முழு வெள்ளையாக இல்லாமல் கலங்கியிருக்கும். கண்ணுக்கு வெள்ளை, பெயின்டுக்கு வேறு நிறம். அதுதான் சுற்றிவர நிற்கும் புள்ளிகள். வேட்டியில் வெயில் பட்ட இடம் உண்மையிலேயே முழு வெள்ளை. அதையும் பின்னணி என்று நினைத்து ஓட்டையாக்கிவிட்டது.

PNG ஆகச் சேமித்த கொப்பிக்குத் திரும்பிப் போங்கள். வெள்ளைக்குப் பதிலாக, ஆளின் உடுப்பிலும் தோலிலும் இல்லாத ஒரு நிறத்தைப் பின்னணியாக வையுங்கள். புள்ளி சிந்தாத PNG என்றால் வாளிக் கருவியால், அதுதான் Fill with color, ஒரே கிளிக்கில் பின்னணி மாறும். கைக்கும் இடுப்புக்கும் நடுவில் அடைபட்ட இடத்தைத் தனியே கிளிக் செய்யவேண்டும். பிறகு Color picker ஆல் அந்தப் பின்னணியை வலது கிளிக் செய்தால் அதே நிறம் Color 2 க்கு வந்துவிடும். அதற்குப் பிறகு Transparent selection போட்டுக் கொப்பி எடுத்து ஒட்டுங்கள். ஒட்டும் மற்றப் படத்தைத் திறந்திருக்கும் பெயின்டிலும் Color 2 அதே நிறமாக இருக்கவேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

கறுப்பு வெள்ளையா மாத்தினா வெட்டின இடம் தெரியாது எண்டு சொன்னாங்கள். மாத்தலாமோ?

கருத்து சரி. ஆனால் பெயின்டில் Properties இல் இருக்கும் Black and white ஐத் தொடாதீர்கள். அது சாம்பல் நிறங்களே இல்லாமல் முழுக் கறுப்பும் முழு வெள்ளையுமாக மாற்றிவிடும், முகம் அச்சுக் கெட்ட பத்திரிகைப் படம்போல ஆகிவிடும். நிறமாகவே ஸ்டூடியோவுக்குக் கொடுத்து, அச்சடிக்கும்போது கறுப்பு வெள்ளையாகப் போடச் சொல்லுங்கள்.

பிறேமுக்கு அச்சடிக்க எப்பிடிக் குடுக்கிறது?

பைலை PNG ஆகவே பென் டிரைவில் கொண்டுபோங்கள். வழமையான 4 × 6 அங்குல அச்சுக்கு 1200 × 1800 புள்ளிகள் இருந்தால் நல்ல தெளிவு. அதில் முக்கால் பங்கு இருந்தாலும் மோசமில்லை. பெயின்டில் இருந்து நேரே பிரிண்ட் கொடுத்தால் சில நேரம் ஒரு முகம் நாலு தாளில் பிரிந்து வரும். Page setup இல் Fit to தெரிவுசெய்து 1 by 1 page கொடுத்தால் ஒரே தாளுக்குள் அடங்கும். தலைக்கு மேல் கொஞ்சம் வெற்றிடம் விடுங்கள், பிறேமின் விளிம்பு அதை மூடும்.

காணாமல் ஆக்கப்பட்டவருடைய படம். மற்ற ஆக்களை அழிச்சுப்போட்டுக் குடுக்கலாமோ?

கையில் ஏந்தும் பதாகைக்கு, வீட்டுப் பிறேமுக்கு மேலே சொன்னபடி எடுங்கள். 2017 பெப்ரவரி 20 இலிருந்து கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் அம்மாக்கள் ஏந்தி நின்ற படங்களைக் கிட்டப் போய்ப் பார்த்தால், குறூப் படத்திலிருந்து வெட்டிப் பெருப்பித்தவையும் இருப்பது தெரியும்.

ஆனால் முறைப்பாட்டோடு, விசாரணைக்கு, எந்த அலுவலகத்துக்கு என்றாலும் கொடுக்கும் படம் தொடாத படமாக இருக்கட்டும். யார் பக்கத்தில் நின்றார், எந்த இடம், என்ன உடுப்பு என்பதெல்லாம் அதில் இருக்கும் செய்தி. முகம் தெளிவாகத் தெரியவேண்டுமென்றால் Crop மட்டும் செய்த ஒரு படத்தையும் முழுப் படத்தையும் சேர்த்துக் கொடுங்கள். துண்டு ஒட்டிச் சரிசெய்த படத்தை அங்கே கொடுத்தால், பிறகு யாராவது முழுப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது உண்மையான படத்தின் மேலும் சந்தேகம் விழும். மற்றவர்களின் முகம் வெளியே போவது அவர்களுக்குப் பாதுகாப்பில்லை என்று நினைத்தால், பொதுவில் பகிரும் கொப்பியில் அவர்களின் முகத்தை Rectangle வடிவத்தால் முழுக்க நிரப்பி மூடுங்கள். பெயின்ட் ஒரே தாள் என்பதால் அப்படிச் சேமித்த கொப்பியில் கீழே முகம் எஞ்சியிருக்காது.

இதால அடையாள அட்டைக்கும் பாஸ்போட்டுக்கும் படம் செய்யலாமோ?

செய்யவேண்டாம். அவற்றுக்கு அனுமதி பெற்ற ஸ்டூடியோவில்தான் எடுக்கவேண்டும். பின்னணியை வெட்டித் திருத்திய படம் எடுபடாது.

மகன்ட புதுக் கொம்பியூட்டரில பெயின்ட் வேற மாதிரிக் கிடக்கு. நீங்கள் சொன்ன பெட்டிகள் ஒண்டையும் காணேல்லை.

அது Windows 11. கருவிகள் அதேதான், எழுத்துக்குப் பதிலாகப் படக்குறிகள் வந்திருக்கின்றன. Color 1, Color 2 இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று வைத்த வட்டங்களாக இருக்கும். அதில் புதிதாக்கிய பெயின்டில் இரண்டு வசதிகள் கூடுதலாக உண்டு: Layers, Remove background. Remove background ஒரே கிளிக்கில் பின்னணியை எடுத்துவிடும். தோளில் கை போட்டிருக்கும் படங்களில் அது இரண்டு பேரையும் ஒராளாக எடுத்துக்கொண்டு வரக்கூடும், இருண்ட பின்னணியில் மயிரைச் சேர்த்து வெட்டவும் கூடும். அதால் முதல் வெட்டை முடித்துவிட்டு, ஓரத்தையும் கையையும் மேலே சொன்னபடி 400% இல் கையாலேயே திருத்துங்கள். Layers இருப்பதால் அங்கே அழித்த இடம் நிறமாகாமல் வெறுமையாகவே இருக்கலாம். பின்னணி நிறத்தைக் கீழ்த் தாளில் தனியே பூசி, பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். அந்த மெசின் கிடைக்குமென்றால் பின்னணி வேலையை அதில் செய்யுங்கள். துண்டு ஒட்டும் வேலைக்கு எந்த மெசினும் ஒன்றுதான்.